வீடியோவுக்குக் காது கிடையாது: பாடக்குறிப்பிலிருந்து வகுப்பறை ஸ்கிரிப்ட்

கேள்வி: "அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் நான். ஐந்தாம் வகுப்புப் பின்னம் பாடத்துக்கு நான் எழுதிய பாடக்குறிப்பை, வகுப்பில் போட்டுக் காட்டும் வீடியோவாக மாற்ற வேண்டும். நடுநடுவே கேள்வி கேட்டு, பிள்ளைகள் பதில் சொல்ல இடைவெளி விட வேண்டும் என்கிறார்கள். கேள்வியை எங்கே வைப்பது, எத்தனை நொடி விடுவது, ஸ்கிரிப்டை எப்படி எழுதுவது?"

பதினான்கு ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் கணக்கு நடத்திவிட்டு, கடந்த ஆறு ஆண்டுகளாக இதே வேலையைத்தான் செய்துவருகிறேன். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குத்தான் எழுதியிருக்கிறேன். அதனால் நான் சொல்லும் நொடிக்கணக்கெல்லாம் அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்துவது. ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு அதை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். அந்த வயதில் சேர்ந்து குரல் கொடுத்துப் பதில் சொல்லவே கூச்சப்படுவார்கள்.

முதல் விஷயம். பாடக்குறிப்பு என்பது, பிள்ளைகள் சொல்வதைக் கேட்கக்கூடிய ஓர் ஆளுக்காக எழுதப்படுவது. "மாணவர்களிடம் வினாக்கள் கேட்டு முன்னறிவைச் சோதித்தல்" என்று நீங்கள் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஏனென்றால் வகுப்பில் நிற்கப்போவது நீங்கள். ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னால் முகத்தைப் பார்த்தே அடுத்த கேள்வியை மாற்றிவிடுவீர்கள். வீடியோவுக்குக் காது கிடையாது. பிள்ளைகள் என்ன சொன்னாலும், அது ஏற்கெனவே பதிவான அடுத்த வரியைத்தான் சொல்லும். ஆகவே ஸ்கிரிப்டில் கஷ்டமான இடம் கேள்வி அல்ல, இடைவெளியும் அல்ல. இடைவெளி முடிந்ததும் வரும் முதல் வரிதான் கஷ்டம். எல்லோரும் கேள்வியில் நேரத்தைச் செலவழித்துவிட்டு, அந்த வரியை ஒரு "மிகச் சரி!" போட்டு முடித்துவிடுகிறார்கள்.

இது எப்படிப் பாழாகும் என்று ஒரு வகுப்பில் கண்ணால் பார்த்தேன். ஒரு பின்னம் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திரையில் வந்த அக்கா, "1/3, 1/4. இதில் எது பெரிசு?" என்று கேட்டுவிட்டு நான்கு நொடி நின்றார். வகுப்பே "நாலில் ஒண்ணு!" என்று கத்தியது. அக்கா சிரித்துக்கொண்டே "சூப்பர், சரியாச் சொன்னீங்க!" என்றார். பிள்ளைகள் கைதட்டிக்கொண்டார்கள். அடுத்த நொடி திரையில் 1/3 பச்சை வட்டத்துக்குள் வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், நோட்டில் எழுதியிருந்த 1/4-ஐச் சத்தமில்லாமல் ரப்பரால் அழித்துவிட்டு 1/3 என்று எழுதிக்கொண்டாள். ஏன் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து இடைவெளிக்குப் பிறகு பாராட்டு எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன்.

இப்போது உங்கள் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். மேலே 1 வரும் பின்னங்களை ஒப்பிடுவது. வழக்கமான பாடக்குறிப்பில் கற்றல் விளைவுகள் என்று மூன்று நான்கு இருக்கும். பின்னத்தை அடையாளம் காண்பது, தொகுதி, பகுதி எது என்று சொல்வது, ஒப்பிடுவது, ஏறுவரிசையில் எழுதுவது. பிறகு ஆர்வமூட்டல், படித்தல், மனவரைபடம், தொகுத்தலும் வழங்குதலும், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல் என்று படிகள் ஓடும். இந்தப் படிகளை வரிசையாகக் காட்சி 1, காட்சி 2 என்று மாற்றக் கூடாது. நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதற்குமான திட்டம் அது. வீடியோ அந்தப் பாடவேளையில் ஒரு துண்டு மட்டும்தான். மனவரைபடத்தையும் குறைதீர் கற்றலையும் நீங்களே செய்யுங்கள். வீடியோவுக்கு ஒரே ஒரு விளைவை எடுங்கள். இங்கே அது, "பகுதி பெரிதாக இருந்தும் பின்னம் ஏன் சிறிதாகிறது என்று பிள்ளை சொல்ல வேண்டும்" என்பது.

அடுத்து, ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உங்கள் பாடக்குறிப்பில் "கேட்டல்", "வரவழைத்தல்", "கலந்துரையாடல்" என்று முடியும் ஒவ்வொரு வரியையும் வட்டமிடுங்கள். உண்மையான பாடம் அந்த வட்டங்களுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் மூன்றை எழுதுங்கள்: நான் கேட்கப்போகும் வார்த்தை அப்படியே, பிள்ளைகள் சொல்லக்கூடிய பதில்கள் (தப்பானவை உட்பட), அதைக் கேட்டதும் நான் சொல்லப்போவது. மேஜையில் உட்கார்ந்தால் இது வராது. நான் வேறு ஆசிரியரின் பாடக்குறிப்பை ஸ்கிரிப்டாக்கும்போது, அவரை அந்தப் பாடத்தை ஒரு முறை வகுப்பில் நடத்தச் சொல்லி போனில் குரலை மட்டும் பதிவுசெய்துகொள்வேன். தாளில் இருக்கும் கேள்வியும் வகுப்பில் அவர் வாயில் வரும் கேள்வியும் வேறுவேறாக இருக்கும். பெரும்பாலும் வாயில் வருவதுதான் நல்ல கேள்வி. உங்களுக்கும் இதையே சொல்கிறேன். ஒருநாள் நடத்துங்கள், பதிவுசெய்யுங்கள், பிள்ளைகளின் தப்பான பதில்களை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டுக்கு அதைவிட நல்ல சரக்கு கிடையாது.

கேள்விகளைப் பிரித்துக்கொள்வதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. இடைவெளி இரண்டு விதம். ஒன்று, வீடியோவுக்குள்ளேயே இருக்கும் நொடி இடைவெளி. படம் நிற்காது, குரல் மட்டும் நிற்கும். இன்னொன்று, ஆசிரியர் கையால் நிறுத்தும் நிறுத்தம். சேர்ந்து ஒரே சொல்லில் பதில் சொல்லும் கேள்விக்கு 3 முதல் 4 நொடி போதும். விரலைக் காட்டிப் பதில் சொல்ல வைத்தால் 8 நொடி. நோட்டில் ஒரு பின்னத்தை எழுத 15 முதல் 20 நொடி. அரை நிமிடத்துக்கு மேல் தேவைப்படும் எதையும் நொடி இடைவெளியாக வைக்காதீர்கள். வெட்டுவது, ஒட்டுவது, பக்கத்துப் பிள்ளையோடு பேசுவது எல்லாம் நிறுத்தம்தான். ஒரு வகுப்பு இரண்டு நிமிடத்தில் முடிப்பதை இன்னொரு வகுப்பு ஐந்து நிமிடம் செய்யும். அசையாத திரையை ஒரு நிமிடம் பார்க்க வைத்தால் முடித்தவர்கள் கலாட்டா செய்வார்கள், முடிக்காதவர்கள் பாதியில் விடுவார்கள்.

இந்த நொடிகளில் எதை உறுதியாகச் சொல்லலாம், எது என் அனுபவம் மட்டும் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்குக் கொண்டுபோனபோது, பிள்ளைகளின் பதில் நீண்டது, பதிலே வராமல் போவது குறைந்தது. பிள்ளை பதில் சொல்லி முடித்தபின் விடும் இடைவெளியும் அதே அளவு முக்கியம் என்றார். அதனால் யோசிக்க வைக்கும் கேள்விக்கு மூன்று நொடிக்குக் கீழே போகக் கூடாது என்பது உறுதி. எட்டு, பதினைந்து என்று நான் சொன்னவை மேஜையில் ஸ்டாப்வாட்ச் வைத்து என் வகுப்புகளில் எடுத்த கணக்கு. உங்கள் வகுப்பில் இரண்டு மூன்று நொடி முன்னே பின்னே இருக்கும்.

கேட்க முடியாத கருவியைக் கொண்டு பாடம் நடத்துவதும் புதிய விஷயமில்லை. 1974-இல் நிகரகுவாவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, தொடக்கப்பள்ளிக் கணக்கை ரேடியோவில் நடத்திப் பார்த்தார்கள். ரேடியோ கேள்வி கேட்கும், சில நொடி மௌனமாக இருக்கும், பிள்ளைகள் சேர்ந்து சொல்வார்கள் அல்லது தாளில் எழுதுவார்கள், அப்புறம் ரேடியோ சரியான விடையைச் சொல்லும். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது அந்தக் கடைசிப் படியை. அது "சரி" என்று பாராட்டாது, விடையைத்தான் சொல்லும். சொன்ன பதில் சரியா என்று பிள்ளை தானே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சரி, உங்கள் பாடத்தின் முதல் கேள்விக்கு வருவோம். முதல் கேள்வி எல்லோரும் சரியாகச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். திரையோடு பேசும் பழக்கம் அதில்தான் ஒட்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பின்னத்தில் நல்ல வாசல் ஒன்று இருக்கிறது. அரை, கால், முக்கால் என்று தனிப்பெயரோடு கடையில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆகவே என் ஸ்கிரிப்ட் இப்படித் தொடங்கும்:

திரை: தராசு. பக்கத்தில் இரண்டு பை. இன்னும் தட்டில் வைக்கவில்லை.

குரல்: "ஒரு பையில அரை கிலோ வெண்டைக்காய். இன்னொரு பையில கால் கிலோ வெண்டைக்காய். எந்தப் பை கனம்?"

(4 நொடி. வெட்டக் கூடாது.)

குரல்: "அரை கிலோ பைதான் கனம். அரைன்னா ரெண்டில் ஒரு பங்கு. கால்னா நாலில் ஒரு பங்கு."

பைகள் இன்னும் தட்டில் ஏறாமல் இருப்பதைக் கவனியுங்கள். படம் விடையைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. அடுத்த கேள்வியில் இது இன்னும் முக்கியம். 1/3, 1/4 எது பெரியது என்று கேட்கும்போது, படம் போடுபவர் அழகுக்காகப் பக்கத்தில் இரண்டு பட்டைகளை வரைந்து நிறம் தீட்டிவிடுவார். பிள்ளை பட்டையைப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிடும். உள்ளே இருக்கும் தப்பு வெளியே வரவே வராது. அதனால் ஸ்கிரிப்டில் திரையில் என்ன வர வேண்டும் என்று சொல்லும் இடத்தில் "எண்கள் மட்டும், வேறு எந்தப் படமும் வேண்டாம்" என்று எழுதியே தீர வேண்டும்.

அந்த இரண்டாவது கேள்வியைச் சேர்ந்து சொல்ல வைக்கவும் கூடாது. நாலு பிள்ளைகள் சத்தமாகச் சொன்னால் மற்றவர்கள் அதையே சொல்வார்கள். நான் எழுதுவது இது:

குரல்: "வாயால சொல்ல வேண்டாம். விரலால காட்டுங்க. மூணில் ஒரு பங்கு பெரிசுன்னா மூணு விரல். நாலில் ஒரு பங்கு பெரிசுன்னா நாலு விரல். விரலை நெஞ்சோட ஒட்டி வெச்சுக் காட்டுங்க. எது பெரிசு?"

(8 நொடி. வெட்டக் கூடாது.)

குரல்: "சில பேர் மூணு விரல் காட்டியிருப்பீங்க. சில பேர் நாலு விரல் காட்டியிருப்பீங்க. நாலு பெரிய எண்தானே, அதனால நாலில் ஒரு பங்கு பெரிசுன்னு தோணும். எது சரின்னு நான் இப்ப சொல்லப்போறதில்ல. நீங்களே வெட்டிப் பார்த்துச் சொல்லுங்க."

நெஞ்சோடு ஒட்டிய விரல் பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது, முன்னால் நிற்கும் உங்களுக்குத் தெரியும். எத்தனை பேர் நாலு விரல் காட்டினார்கள் என்று எட்டு நொடியில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். வீடியோவுக்கு இல்லாத காதை இந்த இடத்தில் நீங்கள் கொடுக்கிறீர்கள். இடைவெளிக்குப் பிறகு வரும் வரியையும் பாருங்கள். எந்த விரலைக் காட்டியிருந்தாலும் பொருந்தும். தப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறது. நாலு விரல் காட்டிய பிள்ளைக்குத் தன்னை யாரோ கவனித்தது போல இருக்கும். அவமானம் இல்லை. பதில்கள் பிரியக்கூடிய எல்லா இடத்திலும் இந்த மாதிரி வரியைத்தான் எழுத வேண்டும்.

இப்போது முதல் நிறுத்தம். பாடக்குறிப்புகளில் இங்கே "காகிதத்தை மூன்றாக, நான்காக மடித்தல்" என்று இருக்கும். நான்காக மடிப்பது எளிது, இரண்டு முறை மடித்தால் போதும். மூன்று சம பாகமாக மடிப்பது பத்து வயதுப் பிள்ளைக்கு வராது. வீடியோவில் நடிப்பவர் ஒரு நொடியில் மடித்துவிடுவார், வகுப்பில் ஆறேழு நிமிடம் போய், கையில் இருப்பது மூன்று வெவ்வேறு அளவுத் துண்டுகளாக இருக்கும். அதைக் கொண்டு 1/3-ஐயும் 1/4-ஐயும் ஒப்பிட்டால் தப்பான விடைகூட வரும். அதனால் 12 செ.மீ. பட்டைக்கு மாற்றிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் 12 செ.மீ. நீளமுள்ள இரண்டு பட்டைகள். ஒன்றில் 4 செ.மீ.க்கு ஒரு கோடு, மற்றதில் 3 செ.மீ.க்கு ஒரு கோடு. வடிவியல் பெட்டியில் இருக்கும் 15 செ.மீ. ஸ்கேல் போதும். பன்னிரண்டை மூன்றாலும் நான்காலும் மீதியில்லாமல் வகுக்கலாம், ஆறாலும் வகுக்கலாம். அடுத்த பாடத்துக்கும் அதே பட்டை உதவும். பட்டைகளை முந்தின நாளே வெட்டி வைத்துக்கொண்டால் வகுப்பில் கோடு போட்டு வெட்ட நான்கு நிமிடம் ஆகும்.

நிறுத்தத்தை அறிவிக்கும் வரியில் ஒரு சின்ன விஷயம். "ஆசிரியர்களே, இப்போது வீடியோவை நிறுத்துங்கள்" என்று எழுதாதீர்கள். பிள்ளைகள் முன்னால் ஒரு திரை ஆசிரியருக்குக் கட்டளை போடுவது நன்றாக இல்லை. பிள்ளைகளிடமே சொல்லுங்கள்: "உங்க டீச்சர் இப்ப வீடியோவை நிறுத்துவாங்க. ரெண்டு பட்டையிலயும் ஒவ்வொரு துண்டை மட்டும் வெட்டிக் கையில வெச்சுக்கோங்க." அப்போது பிள்ளைகளே ஆசிரியரைத் திரும்பிப் பார்ப்பார்கள், அவரும் நிறுத்துவார். திரையில் நிறுத்தக் குறியோடு செய்ய வேண்டியதை ஒரே வரியில் போட்டு ஐந்து நொடி வைத்திருங்கள். ஆசிரியர் கம்ப்யூட்டர் பக்கம் நடந்து போக அந்த நேரம் வேண்டும். இது தெரியாமல் முதலில் இரண்டு நொடி வைத்திருந்தோம். அவர்கள் போய் அழுத்துவதற்குள் அடுத்த காட்சியில் விடை வந்துவிட்டது.

மறுபடி வீடியோ ஓடும்போது, "எந்தத் துண்டு நீளம்? மூணில் ஒரு பங்கா, நாலில் ஒரு பங்கா?" என்று கேட்டு 4 நொடி விடலாம். இது கையில் இருப்பதைப் பார்த்துச் சொல்வது, அநேகமாக எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். அதற்கு அடுத்ததுதான் பாடத்தின் உயிர்க்கேள்வி: "நாலு, மூணை விடப் பெரிய எண். அப்புறம் ஏன் நாலில் ஒரு பங்கு சின்னதாப் போச்சு?" இதற்கு ஒரு சொல்லில் பதில் இல்லை. இது இரண்டாவது நிறுத்தம். பக்கத்துப் பிள்ளையோடு பேச மூன்று நிமிடம்.

திறந்த கேள்விக்குப் பிறகு என்ன வரி எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பிள்ளைகள் என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரியாது. நேராக விடையைச் சொன்னால், அவர்கள் பேசியது எதற்கும் பயனில்லாததாக ஆகிவிடும். நான் திரையில் இரண்டு பிள்ளைகளை வைத்து, உண்மையான வகுப்பில் கேட்ட இரண்டு பதில்களை அவர்கள் வாயில் கொடுப்பேன். ஒரு பையன், "நாலாவது துண்டு கடைசியா வருது, அதனால சின்னது" என்பான். ஒரு பெண், "ஒரே பட்டையை நாலு பேருக்குப் பிரிச்சா, மூணு பேருக்குப் பிரிச்சதை விட ஒவ்வொருத்தருக்கும் கம்மியாத்தான் வரும்" என்பாள். பிறகு குரல் கேட்கும்: "நீங்க பேசினது இவங்க ரெண்டு பேர்ல யார் சொன்னது மாதிரி இருக்கு?" ஆறு நொடி. அப்புறம் முதல் பதில் ஏன் நிற்காது என்று பட்டையைக் காட்டி விளக்கலாம். நான்கு துண்டும் ஒரே அளவுதான், கடைசித் துண்டு மட்டும் சின்னதில்லை. இப்படிச் செய்தால், தப்பாகப் பேசிய பிள்ளையும் தான் பேசியதைத் திரையில் பார்க்கிறது. அந்த முதல் பதிலை நான் கற்பனையாக எழுதியிருக்கவே முடியாது. போனில் பதிவுசெய்த வகுப்பில் ஒரு பையன் சொன்னது அது.

விதியைச் சொல்லும் வாக்கியத்தில் கவனம் வேண்டும். "பகுதி பெரிசானா பின்னம் சின்னது" என்று ஸ்கிரிப்டில் எழுதிவிட்டால், பிள்ளைகள் அதையே பாட்டாகப் பாடி, அடுத்த வாரம் 5/6-ஐயும் 1/3-ஐயும் காட்டினால் 1/3 பெரிசு என்பார்கள். "மேலே ஒண்ணு இருக்கும்போது" என்பதும், "ஒரே அளவு முழுசை எடுத்தால்" என்பதும் அந்த வாக்கியத்தோடு சேர்ந்தே வர வேண்டும். வகுப்பில் தப்பாகச் சொன்னால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். வீடியோ அதே தப்பை ஒவ்வொரு முறையும் சொல்லும்.

அதற்குப் பிறகு 1/5, 1/8 இரண்டில் பெரியதை நோட்டில் எழுதச் சொல்லி 15 நொடி, அப்புறம் 1/10, 1/9 கொடுத்து இன்னொரு 15 நொடி. ஒவ்வொன்றுக்கும் பிறகு பாராட்டு இல்லாமல், "1/5 பெரிசு. அஞ்சு பேருக்குப் பிரிக்கிறதும் எட்டுப் பேருக்குப் பிரிக்கிறதும் ஒண்ணா?" என்று காரணத்தோடு விடை. கடைசி நிறுத்தம் உங்களுக்கானது. "பெரிய தோசையில நாலில் ஒரு பங்கு, சின்ன தோசையில மூணில் ஒரு பங்கு. எது பெரிசு?" இதற்கு வீடியோ விடை சொல்லாமல் முடிந்துவிடும். தோசைகளின் அளவு தெரியாமல் சொல்ல முடியாது என்பதை வகுப்பில் பேசி வரவழைக்கும் வேலை நேரில் இருக்கும் ஆளால் மட்டும்தான் முடியும்.

பேச்சு நடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இடைவெளி கெடுவது பாதி இடத்தில் இதனால்தான். கேள்விதான் இடைவெளிக்கு முன் வரும் கடைசி வரியாக இருக்க வேண்டும். "எது பெரிசு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, சரியா?" என்று எழுதினால் பிள்ளைகள் "சரி" என்றுதான் கத்துவார்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது" என்பார்கள், புரியாவிட்டாலும். யோசிக்கச் சொல்வது, விரல் காட்டச் சொல்வது எல்லாவற்றையும் முன்னால் வைத்து, கேள்வியைக் கடைசியில் வையுங்கள். அதோடு, நம் வகுப்புகளில் பாதிச் சொல்லைச் சொல்லி மீதியைப் பிள்ளைகளிடம் விடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. "இது நாலில் ஒரு பங்...?" "கு!" என்பார்கள். வகுப்பு கலகலப்பாக இருக்கும், ஆனால் யாரும் யோசிப்பதில்லை. உங்கள் குரல் பதிவைக் கேட்டால் இது எத்தனை முறை வருகிறது என்று தெரியும். ஸ்கிரிப்டில் ஒன்றுகூட வேண்டாம். குரல் பேச்சுத் தமிழில் இருக்கட்டும், ஆனால் தொகுதி, பகுதி என்ற சொற்களைப் பாடநூலில் இருப்பது போலவே சொல்லி, திரையில் எழுத்தாகவும் காட்டுங்கள்.

அளவுக் கணக்கு இப்படி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது சொற்கள் வரும். ஒன்பது நிமிட வீடியோவில் நொடி இடைவெளிகளும் நிறுத்த அட்டைகளும் ஏறக்குறைய ஒன்றேகால் நிமிடம் எடுக்கும். பேச்சில்லாமல் படம் மட்டும் காட்டும் நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல். மீதி ஆறரை நிமிடத்துக்கு ஐந்நூற்றிருபது சொற்கள், அவ்வளவுதான் உங்கள் இடம். நிறுத்தங்கள் நான்கு, மூன்று, நான்கு நிமிடம் என்று பதினொன்று. ஆக இருபது நிமிடம். பாடவேளையில் மீதி இருபது நிமிடத்தைப் புத்தகப் பயிற்சிக்கும், நாலு விரல் காட்டியவர்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தாளை மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்: திரையில் என்ன, குரல் என்ன, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள். மூன்றாவது பத்திதான் இதைச் சாதாரண வீடியோ ஸ்கிரிப்டிலிருந்து பிரிப்பது. அந்தப் பத்தி ஒன்றரை நிமிடத்துக்கு மேல் காலியாக இருந்தால், அங்கே நீங்கள் பாடம் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். "வெட்டக் கூடாது" என்று ஒவ்வொரு இடைவெளியிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எடிட் செய்பவர்களுக்கு மௌனம் என்றால் வெட்ட வேண்டிய இடம். எட்டு நொடி இரண்டு நொடியாகத் திரும்பி வரும். நடிப்பவருக்கும் கேமரா முன்னால் மூன்று நொடியே யுகமாகத் தெரியும், சீக்கிரம் பேசிவிடுவார். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் விரல் மடக்கி எண்ண வேண்டும். அந்த நேரத்தில் நடிப்பவர் கேமராவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்க வேண்டும், தலையாட்டக் கூடாது. தலையாட்டினால் அதுவும் "சரி" என்று சொன்னது போலத்தான். கடிகார டிக்டிக் சத்தமும் வேண்டாம். பிள்ளைகள் யோசிப்பதை விட்டுவிட்டு முந்திச் சொல்லப் பார்க்கிறார்கள்.

உங்கள் வீடியோ கல்வித் தொலைக்காட்சி போல ஒளிபரப்பில் போவதாக இருந்தால் கணக்கு மாறும். ஒளிபரப்பை யாராலும் நிறுத்த முடியாது. 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு நிறுத்த ஒரு டீச்சரும் இல்லை. அப்போது வெட்டும் வேலையைத் திரையில் நடிப்பவரே நிஜ வேகத்தில் செய்து காட்ட வேண்டும், பிள்ளை கூடவே செய்ய வேண்டும். ஏன் என்ற திறந்த கேள்வியை இரண்டு பிள்ளைகளின் பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாகச் சுருக்க வேண்டும். வகுப்பில் போடுவதற்கு என்றால் இந்தச் சமரசம் தேவையில்லை.

படம் பிடிப்பதற்கு முன் ஒரு வேலையை விட்டுவிடாதீர்கள். இந்தப் பாடம் இன்னும் நடக்காத ஒரு வகுப்புக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்கிரிப்டில் எழுதியிருப்பதை அப்படியே வாசியுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள், ஸ்கிரிப்டில் இருக்கும் அடுத்த வரியை மட்டும் சொல்லுங்கள். அதுதான் வீடியோ செய்யப்போவது. இன்னொரு ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு இடைவெளியிலும் பிள்ளைகள் எத்தனை நொடியில் பதில் சொல்லத் தொடங்கினார்கள், எப்போது ஓய்ந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டும். இடைவெளி முடிந்தபின்னும் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தால் நொடியைக் கூட்டுங்கள். சத்தம் ஓய்ந்து கால் ஆட்ட ஆரம்பித்தால் குறையுங்கள். உங்கள் அடுத்த வரி வந்ததும் ஒரு பிள்ளையாவது நெற்றியைச் சுருக்கிப் பக்கத்தில் திரும்பினால், அந்த வரி அந்தப் பிள்ளையின் பதிலுக்குப் பொருந்தவில்லை. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு என்ன நினைத்தான் என்று கேளுங்கள். வெண்டைக்காய்க் கேள்வியில் எனக்கு அப்படி ஒரு பிள்ளை கிடைத்தான். இரண்டு பையும் ஒரே அளவில் வரைந்திருந்ததால் இரண்டும் ஒரே கனம் என்று நினைத்திருக்கிறான். தராசை அப்படியே விட்டுவிட்டு, பைகளை மட்டும் துணியால் மூடினோம்.